பொதுப்பாதையை மறிக்கும் கார்: சங்கத்துக்கு எந்தக் கடிதம் எழுதலாம்?

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நான்கு வருடம் செயலாளராக இருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார் நிறுத்துவது பற்றித்தான். அவற்றில் ஒரே பிரச்சினைக்காக, ஒரே ஆள், மூன்று மாதத்தில் எழுதிய மூன்று கடிதங்களைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். மூன்றும் மூன்று விதம். முதல் இரண்டும் எதையும் அசைக்கவில்லை. மூன்றாவது ஒரே கூட்டத்தில் விஷயத்தை முடித்துவிட்டது.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசல் கேட்டிலிருந்து பின்பக்க வீடுகளுக்கு ஒரு பொதுப்பாதை போகிறது. அகலம் 15 அடி. இடது பக்கம் மதில் சுவர். கடைசியில் பாதை வலது பக்கம் திரும்பி, பின்வீட்டுக்காரரின் கராஜுக்குப் போகும். முன்பக்கம் 2-ஆம் எண் வீட்டுக்காரர், தனக்கு ஒதுக்கிய இடத்தை விட்டுவிட்டு, சரியாக அந்தத் திருப்பத்தில் சுவரோரமாகக் காரை நிறுத்துவார். கேட்டால், "தாராளமா போகலாமே சார், எவ்வளவு இடம் இருக்கு பாருங்க" என்பார். பார்த்தால் இடம் இருப்பது போலத்தான் தெரியும்.

முதல் கடிதம் பின்வீட்டுக்காரர் கோபத்தில் எழுதியது. அதன் நடுப்பகுதி இப்படிப் போகும்:

"இவர் எப்போதும் வேண்டுமென்றே வழியை மறித்து நிறுத்துகிறார். பலமுறை சொல்லியும் திமிராகப் பதில் சொல்கிறார். இவர்மீது உடனடியாகக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. காலையில் அவசரமாகக் கிளம்பும்போது வழி அடைபட்டு நின்றவருக்கு வேறு எப்படி எழுத வரும்? ஆனால் இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு செயலாளரால் ஒன்றும் செய்ய முடியாது. 'எப்போதும்' என்றால் தினமுமா, வாரத்துக்கு ஒரு தடவையா? 'வேண்டுமென்றே' என்பதை யார் எப்படி உறுதி செய்வது? 'கடும் நடவடிக்கை' என்றால் என்ன? குழுவுக்குத் துணைவிதிகள் கொடுத்திருக்கும் அதிகாரம் மட்டும்தான் உண்டு. எழுத்தில் எச்சரிக்கலாம், விதியில் இடமிருந்தால் அபராதம் போடலாம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒருவர்மேல் புகார் வந்தால் அதை அவருக்குக் காட்டாமல் குழு முடிவெடுக்காது. 2-ஆம் எண் வீட்டுக்காரரிடம் நகலைக் கொடுத்தோம். 'திமிர்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் பதில் எழுதினார். அடுத்த கூட்டத்தில் முக்கால் மணி நேரம், அன்றைக்கு யார் முதலில் குரலை உயர்த்தினார்கள் என்பதிலேயே போய்விட்டது. கார் நிற்கும் இடம் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை.

அப்புறம் பின்வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிரான விதத்தில் எழுதினார். இரண்டாவது கடிதத்தில் யார் பெயரும் இல்லை, வீட்டு எண்ணும் இல்லை. "நம் வளாகத்தில் சிலர் பொதுப்பாதையில் வாகனம் நிறுத்துவதால் சிரமம் ஏற்படுகிறது. அனைவரும் ஒத்துழைக்குமாறு ஒரு சுற்றறிக்கை விட வேண்டுகிறேன்." பக்கத்து வீட்டு உறவு கெடக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். நானும் மறுநாளே அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டினேன். அதை 2-ஆம் எண் வீட்டுக்காரர் நின்று முழுசாகப் படித்தார். படித்துவிட்டு என்னிடம் வந்து, "நல்ல வேலை செஞ்சீங்க, கேட்டுக்கு முன்னாடி பைக் நிறுத்துறவங்களுக்கு இது வேணும்" என்றார். மனதாரத்தான் சொன்னார். தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இந்த வகைக் கடிதத்தை வேண்டாமென்று நான் தள்ளமாட்டேன். ஐந்தாறு வண்டிகள் மாறி மாறி நிற்கும் இடத்தில் இதுதான் சரி, ஒருவரைத் தனியாகச் சுட்டினால் நியாயமாக இருக்காது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு விதி தெரியாமல் இருக்கும்போதும் இது போதும். ஒரே கார், ஒரே இடம் என்றால் மட்டும் இது வேலைக்கு ஆகாது.

மூன்றாவது கடிதம் எழுதுவதற்கு முன்னால் அவர் நான்கு வாரம் காத்திருந்தார். சும்மா காத்திருக்கவில்லை. ஒரு பாக்கெட் நோட்டில் கார் நின்ற ஒவ்வொரு தடவையும் தேதி, பார்த்த நேரம், எடுத்த நேரம், அதனால் என்ன ஆனது என்று நான்கே கட்டம் போட்டு எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் அங்கே நிற்கும்போதே, டேப்பை எடுத்து வந்து பாதையை அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது செக்யூரிட்டி. அதனால் பிறகு அந்த அளவை யாரும் மறுக்கவில்லை.

கணக்கு இதுதான். சுவருக்கும் காருக்கும் இடைவெளி 1 அடி. காரின் உடல் அகலம் 5 அடி 9 அங்குலம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கண்ணாடி 5 அங்குலம். ஆக, பாதையில் 7 அடி 2 அங்குலம் போய்விடுகிறது. மீதி 7 அடி 10 அங்குலம். பின்வீட்டுக்காரரின் காருக்கும் அதே அகலம்தான், இரண்டு கண்ணாடியையும் சேர்த்தால் 6 அடி 7 அங்குலம். நேராகப் போனால் பக்கத்துக்கு ஏழரை அங்குலம் மிச்சம். "போகலாமே" என்று எதிர்த்தரப்பு சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது. ஆனால் அது திருப்பம். கார் வளையும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், முன்பக்க வெளிமூலை அகலமாகச் சுற்றும். வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் இடது சுவரை ஒட்டி வந்தாக வேண்டும். அந்த இடத்தில்தான் இந்தக் கார் நிற்கிறது. முன்னும் பின்னுமாக நான்கு தடவை எடுத்தால்தான் திரும்பலாம், அதிலும் கண்ணாடி உரசும். அதைவிடப் பெரிய விஷயம், தீயணைப்பு வண்டிகளின் அகலமே பொதுவாக 8 அடியை ஒட்டி இருக்கும். அது அந்த இடைவெளியில் நுழையாது.

கடிதம் முழுவதும் இதுதான்:

"பொருள்: பின்பக்கத் திருப்பத்தில் பொதுப்பாதையில் நிறுத்தப்படும் கார் குறித்து.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

பின்பக்க வீடுகளுக்குச் செல்லும் பொதுப்பாதையின் திருப்பத்தில் 2-ஆம் எண் வீட்டாரின் கார் நிறுத்தப்படுகிறது. ஜூன் 1 முதல் 28 வரை 9 முறை நின்றது. அவற்றில் 3 முறை என் காரை வெளியே எடுக்க முடியவில்லை. அதிகபட்சமாக 35 நிமிடம் காத்திருந்தேன். தேதி, நேர விவரம் இணைப்பில் உள்ளது.

பாதையின் அகலம் 15 அடி. கார் நிற்கும்போது மீதமிருப்பது 7 அடி 10 அங்குலம். நேராகச் செல்லும் காருக்கு இது போதும். திரும்பும் காருக்கும் தீயணைப்பு வண்டிக்கும் போதாது.

அவரிடம் இருமுறை நேரில் பேசினேன். அவருக்கு வேறு சிரமம் ஏதும் இருந்தால் குழு அதையும் கேட்டறிய வேண்டுகிறேன்.

நான் கேட்பது இரண்டு. பொதுப்பாதையில் நிறுத்தக்கூடாது என்ற துணைவிதியை அந்த வீட்டாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். திருப்பத்தில் 20 அடி நீளத்துக்கு மஞ்சள் கோடு போட வேண்டும். இதை அடுத்த குழுக் கூட்டத்தில் வைத்து, முடிவை எனக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

முதல் கடிதத்தோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு மரியாதையில் மட்டும் இல்லை. இதில் உள்ள ஒவ்வொரு வரியையும் குழு போய்ச் சரிபார்க்கலாம். எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்லும் பதிலை, 'நேராகச் செல்லும் காருக்கு இது போதும்' என்று இவரே ஒப்புக்கொண்டுவிட்டு, அது ஏன் செல்லாது என்பதை அடுத்த வரியிலேயே சொல்லிவிட்டார். கேட்ட இரண்டும் குழுவின் கைக்குள் இருப்பவை. காரை இழுத்துப் போகச் சொல்லுங்கள், சக்கரத்தில் பூட்டுப் போடுங்கள் என்று கேட்டிருந்தால், எங்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற விவாதத்திலேயே இன்னும் இரண்டு கூட்டம் போயிருக்கும்.

வேறு சிரமம் இருந்தால் கேளுங்கள் என்ற அந்த ஒரு வரி என்ன செய்தது தெரியுமா? 2-ஆம் எண் வீட்டுக்காரர் இந்தத் தடவை பதில் கடிதம் எழுதவில்லை, கூட்டத்துக்கு நேரில் வந்தார். அவருக்கு ஒதுக்கிய இடம் ஒரு தூணை ஒட்டி இருக்கிறது, பின்கதவு பாதிதான் திறக்கும், வயதான அம்மாவை அதில் ஏற்றி இறக்க முடியவில்லை என்றார். நான்கு வருடம் செயலாளராக இருந்தும் எனக்கு இது தெரியாது. முதல் கடிதத்துக்கு அவர் எழுதிய இரண்டு பக்கத்திலும் இது இல்லை, திமிர் என்ற சொல்லுக்குப் பதில் சொல்வதிலேயே அது நிறைந்துவிட்டது. பைக் மட்டும் வைத்திருந்த இன்னொரு வீட்டாரோடு இடம் மாற்றிக் கொடுத்தோம். மஞ்சள் கோடும் போட்டோம்.

பலர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கூட்டுக் கடிதம் பற்றியும் கேட்பார்கள். அந்தப் பாதையை நிஜமாகவே பயன்படுத்தும் மூன்று வீட்டார் கையெழுத்துப் போட்டால் அதற்குக் கனம் உண்டு. சம்பந்தமில்லாத இருபது பேர் போட்டால் ஒருவருக்கு எதிராகக் கூட்டம் சேர்த்தது போல ஆகிவிடும், எதிராளியும் ஆள் சேர்ப்பார். வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போடுவதை நான் சேர்க்கவே மாட்டேன், அது கோப்பில் ஏறாது. போட்டோ வேண்டுமென்றால் டேப் தெரிகிற மாதிரி இரண்டு எடுத்துக் கடிதத்தோடு வையுங்கள், வீட்டு ஆட்கள் யாரும் அதில் விழவேண்டாம். கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால், கிடைத்தது என்ற பதிலைச் சேமித்து வையுங்கள்.

எழுதுவதற்கு முன் வளாகத்தின் வரைபடத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது. பாதை சங்கத்தின் பொது இடமாக இருந்தால்தான் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். இரண்டு வீட்டுக்கு மட்டும் உரிமையுள்ள பாதை என்று பத்திரத்தில் இருந்தால், குழு "எங்கள் வேலை இல்லை" என்று கையை விரிக்கலாம். அப்போது கடிதம் நேராகப் பக்கத்து வீட்டாருக்குப் போக வேண்டும், தேவைப்பட்டால் வழக்கறிஞர் மூலமாக. கார் நிற்பது கேட்டுக்கு வெளியே சாலையில் என்றால் அது போக்குவரத்துக் காவலரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

பதிலே வரவில்லையென்றால் புதிதாக எதையும் எழுத வேண்டாம். ஏற்கெனவே கொடுத்த கடிதத்தின் தேதி, கையெழுத்து வாங்கிய தேதி, அதற்குப் பிறகு கார் நின்ற தேதிகள், இவை மட்டும் நான்கு வரியில். கூடவே பழைய கடிதத்தின் நகல்.