ஸ்டாஃப் நர்ஸிலிருந்து ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸுக்கு: மாற்றி எழுதிய புரொஃபைல், ஓராண்டுக்குப் பிறகு

ஐசியூவில் ஆறு வருடம் வேலை பார்க்கும் தோழி ஒருவர் கேட்டார்: "புரொஃபைலை மாத்தி எழுதினா நிஜமாவே கால் வருதா?" வருகிறது. ஆனால் வருவதில் பாதி நாம் கேட்காத வேலைக்கு வருகிறது. ஓராண்டுக்கு மேல் லிங்க்ட்இன், நௌக்ரி இரண்டிலும் இப்படி மாற்றிய புரொஃபைலை வைத்துப் பார்த்ததில் மிச்சமிருக்கும் எரிச்சல் இது ஒன்றுதான். அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

எரிச்சலுக்குக் காரணம் ஐசிடி-10. நோயறிதலுக்கான குறியீடு என்று நர்ஸுக்குத் தெரியும், டிஸ்சார்ஜ் சம்மரியில் தினமும் பார்ப்பதுதான். மருத்துவத் தகவல்களைக் கணினியில் கையாளும் ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் பாடத்திலும் அது வரும். அதை ஸ்கில்ஸ் பகுதியில் சேர்த்ததும் மெடிக்கல் கோடிங் கம்பெனிகள் வரிசையாகக் கூப்பிட ஆரம்பிக்கும். சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லுக்குக் குறியீடு போடும் வேலை ஏராளம். அங்கே ஆள் தேடுபவர்கள் அடிக்கும் முதல் சொல் ஐசிடி-10தான். அது கௌரவமான வேலை, ஆனால் நாம் போக நினைக்கும் பாதை வேறு. ஸ்கில்ஸிலிருந்து எடுத்துவிட்டு, அனுபவப் பகுதியில் ஒரு வாக்கியத்துக்குள் வைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். முழுசாக நிற்காது, அந்த வாக்கியமும் தேடலில் மாட்டும்.

"கிளினிக்கல் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்" என்ற பதவிப் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. நோயாளிப் பதிவுகளுக்கான இஎம்ஆர் மென்பொருளை வார்டில் நிறுவிப் பயிற்சி கொடுப்பவருக்கும் இந்தப் பெயர்தான், வென்டிலேட்டர் விற்கும் கம்பெனிக்காக மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் மெஷினை இயக்கிக் காட்டுபவருக்கும் இந்தப் பெயர்தான். ஐசியூ அனுபவம் இருப்பதால் இரண்டாவது வகை கால் நிறைய வரும். பக்கத்திலேயே இஎம்ஆர், மருத்துவமனை முழுவதற்குமான மென்பொருளைக் குறிக்கும் எச்ஐஎஸ் என்ற சொற்களை ஒட்டி வைத்தால்தான் பிரித்துப் பார்ப்பார்கள். இந்தியாவில் விளம்பரங்கள் பெரும்பாலும் ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று வருவதில்லை. இம்ப்ளிமென்டேஷன், கிளினிக்கல் அனலிஸ்ட் என்றே வருகின்றன. லிங்க்ட்இன் தலைப்பு வரிக்கு 220 எழுத்துதான் இடம். அதில் இப்படி வைத்தது நன்றாகவே வேலை செய்கிறது:

```
EMR / HIS Implementation | Clinical Workflow, UAT,
End-User Training | Registered Nurse, 6 yrs ICU
```

நர்ஸ் என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். வார்டு தெரிந்த ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் தேடுகிறார்கள். அது வரியின் கடைசியில் இருந்தால் போதும். அனுபவப் பகுதியில் பதவியின் பெயரையும் மாற்றக் கூடாது. பின்னணிச் சரிபார்ப்பில் ரிலீவிங் லெட்டரோடு ஒப்பிடுவார்கள். லெட்டரில் ஸ்டாஃப் நர்ஸ் என்றிருந்தால் புரொஃபைலிலும் அதுவே இருக்கட்டும், கீழே எழுதும் வரிகளில்தான் வித்தியாசம் காட்ட வேண்டும்.

இனி, எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம். நர்ஸிங்கில் எதற்குமே பெயர் வாங்கித் தராத வேலைகள்தான் இங்கே நல்ல சொற்களாக மாறுகின்றன. மருந்து கொடுத்தேன், வைட்டல்ஸ் பார்த்தேன் என்பதற்கு இந்தத் துறையில் விலை குறைவு. "இந்த ஃபார்மில் எழுத இடமே இல்லையே" என்று ஐடி ஆளைக் கூப்பிட்டுச் சொன்ன நாளுக்கு விலை அதிகம்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். நோயாளிக்கு எஸ்பிஓ2 96, மூக்கு வழியாக இரண்டு லிட்டர் ஆக்ஸிஜன் ஓடுகிறது. கணினியில் வைட்டல்ஸ் ஃபார்மில் 96 என்று போட இடம் இருக்கிறது, ஆக்ஸிஜனில் இருக்கிறாரா என்று குறிக்க இடம் இல்லை. நர்ஸ் என்ன செய்வார்? குறிப்புப் பெட்டியில் "ஆன் ஓ2 2 லிட்டர்" என்று தட்டிவிட்டுப் போவார். அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் அதைப் படித்துப் புரிந்துகொள்வார். நோயாளியின் நிலை மோசமாவதை எச்சரிக்கும் ஸ்கோரைக் கணக்கிடும் மென்பொருள் குறிப்புப் பெட்டியைப் பார்ப்பதில்லை. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்ட நியூஸ்-2 மதிப்பெண் முறையில் ஆக்ஸிஜனில் இருப்பதற்கே தனியாக 2 புள்ளி. மொத்தம் 5 ஆனால் டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். இந்த 2 விடுபட்டால் 5 வர வேண்டிய நோயாளிக்குத் திரையில் 3 காட்டும், யாரும் வர மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு இந்தத் துறையில் ரிக்வயர்மென்ட் கேதரிங் என்று பெயர். சரிசெய்த பிறகு எண்களைப் போட்டுச் சோதிப்பது யுஏடி. சோதனை இவ்வளவுதான்:

```
SpO2 96 | O2: Yes | RR 18 | SBP 120 | HR 80 | Alert | 37.0 C
Expected NEWS2 = 2
```

மற்ற எண்கள் எல்லாம் பூஜ்யப் புள்ளி வரும்படி வைத்திருப்பதால், திரையில் 0 வந்தால் ஆக்ஸிஜன் கட்டம் ஸ்கோரோடு இணைக்கப்படவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். இதைச் செய்தவர் புரொஃபைலில் எழுத வேண்டிய வரி:

```
Reported missing supplemental-oxygen field in ICU vitals
form; tested the revised form against NEWS2 scoring.
```

"Monitored vital signs" என்ற பழைய வரியை எடுத்துவிட்டு இதை வைக்கலாம். செய்யாதவர் எழுதக் கூடாது. ஃபார்மை மாற்றச் சொல்லி அனுப்பிய மெயிலோ டிக்கெட் எண்ணோ கையில் இருந்தால் இன்டர்வியூவில் தைரியமாகப் பேசலாம். நோயாளி பெயர், ஐபி எண், திரையின் படம் எதையும் வெளியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

சறுக்குவது எங்கே என்றால், மருத்துவமனை மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறையான எச்எல்7. எல்லோரும் ஸ்கில்ஸில் சேர்க்கிறார்கள், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். அதைத் தொடுவதற்கு முன் மூன்று செய்திகளை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: `ADT^A01` அட்மிஷன், `ADT^A02` இடமாற்றம், `ADT^A03` டிஸ்சார்ஜ். மூன்றும் நர்ஸ் தினமும் செய்வதுதான். ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய நோயாளியின் லேப் ரிசல்ட் இன்னும் ஐசியூ பட்டியலிலேயே வந்துகொண்டிருக்கிறதா? ஏ02 செய்தி லேப் மென்பொருளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் முதலில் தேட வேண்டும். இதை விளக்கத் தெரிந்த பிறகும் "எச்எல்7 டெவலப்பர்" என்று எழுத முடியாது. செய்திகளை வாசித்துப் புரிந்துகொள்வேன் என்று எழுதலாம், அது உண்மை.

ஸ்கில்ஸ் பட்டியலை நிரப்பத் தேவையில்லை. யுஏடி, வொர்க்ஃப்ளோ, பயிற்சி, இஎம்ஆர், டவுன்டைம் நடைமுறை என்று பத்துக்குள் நிறுத்தலாம். டவுன்டைம் என்றால் சர்வர் விழுந்த இரவில் பேப்பர் சார்ட்டுக்கு மாறி, மீண்டதும் பேப்பரில் குறித்த டோஸ்களை, கொடுத்த நேரத்தோடு கணினியில் ஏற்றுவது. அதைச் செய்த நர்ஸ்கள் எத்தனையோ பேர், எழுதியவர்கள் மிகக் குறைவு.

இத்தனை நல்லது சொன்ன பிறகும், மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரைதான் தருவேன். மாற்றி எழுதியதில் குறையில்லை. இந்தத் தளங்களில் தேடுபவர்கள் சொல்லை மட்டும் பார்த்து, வரியைப் படிக்காமலே கூப்பிடுவதுதான் கோபம். இன்று காலையிலும் கோடிங்குக்கு ஒரு கால் வந்தது. தோழிக்குச் சொன்னது: தலைப்பு வரியை இன்றே மாற்று, ஐசிடி-10ஐ ஸ்கில்ஸிலிருந்து எடு, ஆக்ஸிஜன் கட்டம் மாதிரி உன் வார்டில் எது விடுபட்டிருக்கிறது என்று இந்த வாரம் பார்த்து வை.