மைக் ஐசி மாற்றியதாக 1,850 ரூபாய் பில்: அந்த போர்டில் ஐசியே கிடையாது

எங்கள் தெரு நலச் சங்கத்தின் ஆம்ப்ளிஃபையரில் மைக் சத்தம் திடீரென்று குறைந்துவிட்டது. பாட்டு போட்டால் நன்றாகக் கேட்டது. மைக்கில் பேசினால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. சங்கச் செயலாளர் அதைப் பக்கத்து பஜாரில் உள்ள ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பில்லில் "மைக் ஐசி மாற்றியது, சர்வீஸ்" என்று எழுதியிருந்தது. கடையில் போட்டுக் காட்டியபோது மைக் கணீரென்று பேசியதாம். ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தில் முதல் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடியது. அதன் பிறகு யார் பேசினாலும் கரகரவென்று கிழிந்தது. தலைவர் உரை முழுவதும் அப்படித்தான் போனது.

"வெயில்ல வச்சா எல்லா ஆம்ப்ளிஃபையரும் அப்படித்தான் சார்" என்பது கடைக்காரரின் பதில். செயலாளர் பெட்டியை என்னிடம் கொண்டுவந்து, "தம்பி, நீங்க ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்றார். மூடியைக் கழற்றியதும் எனக்கு முதலில் பட்டது, அந்த மைக் போர்டில் ஐசி என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை என்பதுதான். பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று, அதைச் சுற்றி நாலு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், அவ்வளவுதான் போர்டு. சர்க்யூட் டயகிராம் மூடியின் உட்புறத்தில் ஒட்டியே இருந்தது. அதையும் போர்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செய்த வேலை தெரிந்துவிட்டது. மற்றவர்களும் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

டயகிராமில் இருப்பது இது. டிரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால்கள். 12 வோல்ட் லைனிலிருந்து 47 கே ரெசிஸ்டர் ஒன்று டிரான்சிஸ்டரின் பேஸுக்கு இறங்குகிறது. பேஸிலிருந்து 10 கே ஒன்று கிரவுண்டுக்குப் போகிறது. கலெக்டருக்கு மேலே 4.7 கே, எமிட்டருக்குக் கீழே 1 கே. அந்த 1 கே ரெசிஸ்டருக்கு இணையாக 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

இதில் கரண்ட் எங்கே போகிறது என்று விரலை வைத்துப் பின்தொடர்ந்தால் மூன்று பாதைதான் கிடைக்கும். முதல் பாதை டிரான்சிஸ்டருக்குள் போவதே இல்லை. 12 வோல்ட்டிலிருந்து 47 கே, அங்கிருந்து 10 கே, நேராக கிரவுண்டு. மொத்தம் 57 கே என்பதால் இதில் சுமார் 0.21 மில்லி ஆம்பியர் ஓடும். இந்தக் கரண்ட் சும்மா வீணாகிறது என்று சிலர் நினைப்பார்கள். உண்மையில் பேஸ் வோல்டேஜை ஓரிடத்தில் பிடித்து நிறுத்துவதே இதுதான்:

`12 × 10 / 57 = 2.1 V`

இரண்டாவது பாதை, 47 கே வழியாக வந்து பேஸுக்குள் நுழைந்து, எமிட்டரில் வெளியேறி, 1 கே வழியாக கிரவுண்டுக்குப் போவது. இது 7, 8 மைக்ரோ ஆம்பியர்தான். முதல் பாதையில் ஓடுவதில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட கிட்டத்தட்ட வராது. அதனால்தான் டிரான்சிஸ்டர் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ பேஸ் கரண்ட் இழுத்தாலும் அந்த 2.1 வோல்ட் பெரிதாக அசையாது. மூன்றாவதுதான் பெரிய பாதை. 4.7 கே வழியாக கலெக்டர், டிரான்சிஸ்டரின் உள்ளே எமிட்டர், அதே 1 கே வழியாக கிரவுண்டு.

1 கே ரெசிஸ்டரில் இரண்டாவது, மூன்றாவது பாதைகள் இரண்டும் சேர்ந்து இறங்குகின்றன. இந்த சர்க்யூட்டின் சூட்சுமமே அங்கேதான். பேஸில் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல், பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 0.65 வோல்ட் போய்விட்டால் எமிட்டரில் மிஞ்சுவது ஏறக்குறைய 1.4 வோல்ட். 1 கே மேல் 1.4 வோல்ட் நிற்கிறது என்றால் 1.4 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அதே கரண்ட் 4.7 கே வழியாகவும் வருவதால் அதில் 6.5 வோல்ட் இறங்கி, கலெக்டரில் 5.5 வோல்ட் நிற்கும். மேலேயும் கீழேயும் ஆடுவதற்கு சிக்னலுக்கு இடம் இருக்கிறது.

சூடு ஏறி கரண்ட் அதிகமாக முயன்றால்? எமிட்டர் வோல்டேஜ் உடனே உயரும். பேஸ் அதே இடத்தில் நிற்பதால் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் குறையும், பேஸ் கரண்ட் குறையும், கலெக்டர் கரண்ட் பழைய இடத்துக்கே திரும்பும். பேஸ் கரண்டை டிரான்சிஸ்டர் எத்தனை மடங்காக்கும் என்பதுதான் கெயின்; பிசி547 வரிசையில் அது 110 முதல் 800 வரை எதுவாகவும் இருக்கலாம். 110 கெயின் உள்ளதைப் போட்டாலும் 450 உள்ளதைப் போட்டாலும் இந்த சர்க்யூட்டில் கலெக்டர் வோல்டேஜ் 5.7-க்கும் 5.3-க்கும் நடுவில்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், நன்றாக யோசித்துப் போட்ட டிசைன்.

இப்போது போர்டில் இருந்ததற்கு வருவோம். 47 கே இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று புதிதாக ஒரு ரெசிஸ்டர்: பிரவுன், கறுப்பு, பச்சை. அதாவது 1 மெகா ஓம். 10 கே இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும். எமிட்டரிலுள்ள 1 கே அப்படியே இருந்தது, ஆனால் போர்டின் பின்பக்கம் அதன் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு துண்டுக் கம்பி ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. டிரான்சிஸ்டரும் புதிது. ஃப்ளக்ஸ் கறையைத் துடைக்கக்கூட இல்லை.

நடந்தது என்ன என்று ஊகிப்பது கஷ்டமில்லை. உண்மையான பழுது அந்த 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அது உள்ளே காய்ந்துபோயிருந்தது. கெப்பாசிட்டர் வழியாக டிசி போகாது, அதனால் மேலே போட்ட டிசி வோல்டேஜ் கணக்கில் அது வராது. ஆனால் குரல் சிக்னலுக்கு அது 1 கே-யைத் தாண்டிப் போகும் குறுக்கு வழி. அது நன்றாக இருக்கும்வரை இந்த ஸ்டேஜ் சிக்னலை நூறு மடங்குக்கு மேல் பெருக்கும். அது செத்துவிட்டால் பெருக்கம் 4.7 கே-யை 1 கே-யால் வகுத்த அளவு, அதாவது ஐந்து மடங்குகூட இல்லை. வோல்டேஜ் எல்லாம் சரியாகக் காட்டும், சத்தம் மட்டும் வராது. கிணற்றுக்குள் பேசுவது போல் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

கடைக்காரர் டிரான்சிஸ்டரை மாற்றியிருக்கிறார், பலன் இல்லை. பிறகு எமிட்டரைக் கம்பி வைத்து நேராக கிரவுண்டில் கட்டியிருக்கிறார். அப்போது 47 கே, 10 கே அப்படியே இருந்திருந்தால் பேஸில் கரண்ட் தாறுமாறாக ஏறி, டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்து, கலெக்டர் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். சத்தம் சுத்தமாகப் போயிருக்கும். அதைச் சமாளிக்க 10 கே-யைப் பிடுங்கிவிட்டு, 47 கே-க்குப் பதில் 1 மெகா ஓம் போட்டிருக்கிறார். சத்தம் வந்துவிட்டது! எமிட்டர் நேராக கிரவுண்டில் இருப்பதால் பெருக்கம் முன்பைவிடவும் அதிகம். கடையில் கணீரென்று கேட்டதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் இப்போது கரண்டைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. 1 மெகா ஓம் வழியாக 11 மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று மேல் பேஸுக்குள் போகிறது. அதை டிரான்சிஸ்டரின் கெயினால் பெருக்கினால் வருவதுதான் கலெக்டர் கரண்ட். அவர் போட்ட டிரான்சிஸ்டரைக் கழற்றி மீட்டரில் பார்த்தபோது கெயின் 180 காட்டியது. அந்தக் கணக்கில் 2 மில்லி ஆம்பியர், கலெக்டரில் 2.4 வோல்ட். குளிர்ந்த நிலையில் எனக்கும் கிட்டத்தட்ட அதுதான் வந்தது. ஒரு டிகிரி சூடு ஏறினால் கெயின் சுமார் அரை முதல் ஒரு சதவீதம் ஏறும். பக்கத்திலேயே பவர் டிரான்சிஸ்டர்களின் ஹீட்சிங்க். பெட்டிக்குள் முப்பது டிகிரி ஏறினால் கெயின் 220-ஐ எட்டும். கலெக்டரில் அரை வோல்ட்கூட மிஞ்சாது. சிக்னலின் கீழ்ப்பாதி வெட்டுப்படும். கொடியேற்றத்தில் கேட்ட கரகரப்பு அதுதான், வெயில் அதன் மேல் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியது.

நான் செய்தது புதிதாக ஒன்றுமில்லை. கம்பியை எடுத்தேன், 47 கே, 10 கே இரண்டையும் டயகிராமில் உள்ளபடி போட்டேன், கெப்பாசிட்டரை மாற்றினேன். மாற்றுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்தேன்: மைக்கில் ஒருவரைப் பேசச் சொல்லி, பழைய கெப்பாசிட்டரின் கால்களில் ஒரு நல்ல 47 மைக்ரோஃபாரட்டை பிளஸ், மைனஸ் பார்த்துத் தொட்டு வைத்தேன். தொட்ட நொடியில் சத்தம் எழும்பியது, எடுத்ததும் விழுந்தது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. சாமானுக்கு ஆன செலவு பத்து ரூபாய்க்குள். (திறந்த பெட்டியில் 230 வோல்ட் பக்கம் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் கையை விடாதீர்கள்.)

கடையில் போய்க் கேட்டபோது, "கம்பெனி டிசைனே அப்படித்தான் சார்" என்றார். மூடியில் ஒட்டிய டயகிராமைக் காட்டியதும் பேச்சு மாறியது. பழைய ஐசியைக் கேட்டோம், குப்பையில் போட்டுவிட்டாராம். 500 ரூபாய் திருப்பித் தந்தார், மீதி லேபர் என்றார். செயலாளர் வாக்குவாதம் வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

பழைய ஆம்ப்ளிஃபையரை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் போர்டின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். மாற்றிய சாமானைக் கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுங்கள். இந்த மாதிரி நாலு ரெசிஸ்டர் ஸ்டேஜாக இருந்தால், மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து பேஸ், எமிட்டர், கலெக்டர் மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். எமிட்டரில் பூஜ்ஜியம் காட்டி மைக் மட்டும் பிரமாதமாகப் பேசினால், போர்டைத் திருப்பி 1 கே-யின் கால்களுக்கு நடுவே கம்பி ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள். பெட்டியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு கலெக்டரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். காத்திருக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.