டீச்சருக்கு எந்தத் தமிழில் பிரியாவிடை சொல்வது?

களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்கள் பாடசாலையில் ஆறு வருடம் படிப்பித்த டீச்சர் ஒருவருக்கு இடமாற்றம் வந்தது. பிரியாவிடை அட்டைக்கு ஆங்கில ஆசிரியர் சில வரிகளை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். வாசிக்கும்போதே மனம் இளகும் வரிகள். ஆனால் அன்றைக்கு பிள்ளைகளின் அம்மாமாரும் வருவார்கள், அதனால் தமிழில் வாசிக்க வேண்டும். என் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு பேர் தமிழாக்கிப் பார்த்திருந்தார்கள். ஒருவர் வரிக்கு வரி போட்டிருந்தார், மற்றவர் கண்ணாடி பிரேம் போட்டுக் கொடுக்கும் வாழ்த்துமடல் நடையில் எழுதியிருந்தார். மூன்றாவதாக நான் எழுதினேன்.

எல்லோரும் முதலில் தடுக்கி விழுந்தது 'வி வில் மிஸ் யுவர் ஸ்மைல்' என்ற வரியில். வரிக்கு வரி எழுதியவர் "உங்கள் புன்னகையைத் தவறவிடுவோம்" என்றார். அது பஸ்ஸைத் தவறவிட்டது போல இருக்கிறது. மடல்காரர் "தங்கள் புன்முறுவலைப் பிரிந்து வாடுகின்றோம்" என்றார். இளம் ஆசிரியர்கள் "மிஸ் பண்ணுவோம்" என்றே விடலாம் என்றார்கள், வாட்ஸ்அப்பில் அது சரிதான், ஆனால் பிள்ளைகள் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள், ஒரே வரியில் இரண்டு மிஸ் வந்தால் காதில் இடிக்கும். என் கணக்கு இதுதான்: ஆங்கிலத்தில் அந்த உணர்வு ஒருவர் செய்யும் காரியம், தமிழில் அதை நாம் செய்வதில்லை, அது நம்மிடம் வருகிறது. நினைவு வரும், மனம் தேடும், இடம் வெறிச்சோடும். அதனால் எழுவாயையே மாற்றினேன்: "காலையில் உங்கள் சிரித்த முகம் இல்லாமல் ஸ்டாஃப் ரூம் வெறிச்சென்று கிடக்கும்."

அடுத்தது இன்னும் ஆபத்தானது. 'எங்கள் இதயங்களில் எப்போதும் இருப்பீர்கள்' என்ற கருத்து ஆங்கிலத்தில் அன்பான வரி. தமிழில் "என்றென்றும் எங்கள் இதயங்களில் வாழ்வீர்கள்" என்று எழுதிப் பாருங்கள், சந்தி மதிலில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் கண் முன்னால் வந்து நிற்கும். மடல்காரரின் 'பிரிந்து வாடுகின்றோம்' என்பதற்கும் அதே கதிதான். பிரிவு, வாடுதல், நீங்கா நினைவு எல்லாம் மரண அறிவித்தலுக்கே பழகிப்போன சொற்கள், உயிரோடு முன்னால் இருப்பவருக்கு அவற்றை வாசிக்கவே கூடாது. எழுதியதைச் சத்தமாக வாசித்து, பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். நான் அந்த வரியை விட்டுவிட்டு, "சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் நின்று படிப்பித்தீர்களே, அதை இந்த ஊர் மறக்காது" என்று எழுதினேன். 'தேங்க் யூ ஃபோர் எவ்ரிதிங்' என்ற வரியும் இதற்குள்ளேயே அடங்கிவிட்டது. "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று தமிழில் தனியாகச் சொன்னால் கணக்கு முடித்துவிட்டது போல ஒலிக்கும், எதற்கு நன்றி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால்தான் ஈரம் வரும்.

அப்புறம் 'வி' என்ற சின்னச் சொல். இரண்டு பிரதியிலும் எல்லா இடத்திலும் 'நாங்கள்'தான். எழுத்துத் தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே, 'நாம்' என்றால் அவரும் உள்ளே. "நாங்கள் ஒரு குடும்பம்" என்று போகிறவரிடம் சொன்னால் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். அந்த ஒரு வரியில் மட்டும் 'நாம்' போட்டேன்.

'அவர் டோர்ஸ் ஆர் ஓல்வேஸ் ஓப்பன்' என்பதை முதலாமவர் "எங்கள் கதவுகள் எப்போதும் திறந்திருக்கும்" என்று எழுதியிருந்தார், இது கடை விளம்பரம். எங்கள் ஊரில் அன்பை உரிமையோடு, கொஞ்சம் அதட்டலாகத்தான் சொல்வார்கள்: "இந்தப் பக்கம் வந்தால் சோறு தின்னாமல் போகக்கூடாது."

வாழ்த்துமடல் நடையை நான் முழுக்கத் தள்ளவில்லை. வலயப் பணிப்பாளர் கையெழுத்தோடு போகும் மடல் என்றால் 'தங்கள்', 'பெருமகிழ்வு' எல்லாம் தேவை, அங்கே என் நடை மரியாதைக் குறைவாகப் படும். ஆனால் கூட வேலை செய்தவர்கள் தரும் அட்டைக்கு அது தூரம்.

கடைசியில் அட்டையில் போனது இது:

"டீச்சர், நீங்கள் போகிறீர்கள் என்று இன்னும் நம்ப முடியவில்லை. சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் நின்று படிப்பித்தீர்களே, அதை இந்த ஊர் மறக்காது. நாம் ஒரே வீட்டு ஆட்கள் போலத்தான் இருந்தோம். காலையில் உங்கள் சிரித்த முகம் இல்லாமல் ஸ்டாஃப் ரூம் வெறிச்சென்று கிடக்கும். இந்தப் பக்கம் வந்தால் சோறு தின்னாமல் போகக்கூடாது. உடம்பைக் கவனியுங்க, இடைக்கிடை கோல் எடுங்க. போயிட்டு வாங்க."

முதல் பிரதியில் அந்தக் கடைசி இடத்தில் 'குட்பை'க்கு "சென்று வருக" என்று இருந்தது, பொருள் அதேதான், ஆனால் எங்கள் வாசலில் யாரும் அப்படிச் சொல்லி வழியனுப்பியதில்லை.