கழுத்தில் ஊசியா, மூளையில் கம்பியா?

சென்னிமலையில் தறி நெய்யும் என் அத்தைக்குக் கழுத்து இடப்பக்கமாகத் திருகிக்கொள்ளும். நாடாவைப் பார்க்கவே முடியாது. தாடையில் ஒரு விரலை வைத்தால் மட்டும் தலை நேராக வந்துவிடும். இதைப் பார்த்தே சிலர் நடிப்பு என்றார்கள். சுளுக்கு எடுத்தோம், கழுத்துப் பட்டை மாட்டினோம், ஒரு வருடம் வீணாகப் போனது. உண்மையில் அந்த விரல்தான் முக்கியமான தடயம். தசைகள் தாமாகவே இறுகித் திருகிக்கொள்ளும் டிஸ்டோனியா என்ற இந்த நோயில் இப்படித் தொட்டால் திருகல் தணிவது பலருக்கும் உண்டு.

கோளாறு கழுத்தில் இல்லை. ஒரு அசைவுக்கு வேண்டிய தசையை இயக்கி, வேண்டாததை அடக்கி வைக்க மூளையின் அடிப்பகுதி முடிச்சுகள், சிறுமூளை, புறணி எல்லாம் சேர்ந்த ஒரு நரம்புச் சுற்று வேலை செய்கிறது. அதில் அடக்கும் பங்கு குறைந்துபோவதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். பெரும்பாலும் ஸ்கேனில் எதுவும் தெரியாது.

மாத்திரையை விரைவாகச் சொல்லிவிடலாம். டிரைஹெக்ஸிபெனிடில் சிறுவர்களுக்கு ஓரளவு ஒத்துக்கொள்ளும். அத்தை வயதில் வாய் வறண்டு மறதியும் வரும் என்பதால் வேண்டாம் என்றோம்.

மிச்சம் இரண்டு. போட்டுலினம் ஊசி, நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை நரம்பிலிருந்து வெளியே விடாமல் தடுக்கிறது. சுற்று அப்படியேதான் இருக்கும், அதன் கட்டளை மட்டும் தசைக்கு எட்டாது. ஓரிரு வாரத்தில் பலன் தெரியும், சுமார் 12 வாரம் நிற்கும். எந்தத் தசையில் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் தடவை அத்தைக்கு இடது பிடரியில் மட்டும் போட்டார்கள், பாதிதான் குறைந்தது. தலையை இடப்பக்கம் திருப்புவதில் வலது காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் தசைக்கும் பங்கு உண்டு. அடுத்த தடவை அதையும் சேர்த்ததும் தலை நேராக நின்றது. ஆனால் இரண்டு வாரம் சோறு விழுங்கச் சிரமப்பட்டு, கம்மங்கூழில் ஓட்டினார். மருந்து தொண்டைத் தசைக்குக் கசிந்தால் இப்படி ஆகும். அதற்கடுத்த முறை அந்த இடத்தில் அளவைக் குறைத்தார்கள்.

இன்னொன்று டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன். அடிப்பகுதி முடிச்சுகளில் ஒன்றான குளோபஸ் பல்லிடஸின் உள்பகுதியில் மெல்லிய கம்பியை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி வைத்து, விடாமல் மின்துடிப்பு கொடுப்பார்கள். “கழுத்துதானே திரும்புது கண்ணு, மண்டைல எதுக்குக் கை வெக்கறாங்க?” என்றார் அத்தை. இது சுற்றையே தொடுகிறது என்பதுதான் பதில். சுற்று புதுப் பழக்கத்துக்கு மாறுவதுபோல, திருகல் தணிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ரத்தக்கசிவு, கிருமித்தொற்று அபாயமும் உண்டு.

அதனால் என் தேர்வு முதலில் ஊசிதான். ‘ஊசி வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டுவதற்குள் தசையும் அளவும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். தசையின் மின்னோட்டத்தைக் கேட்டுக்கொண்டே ஊசி போடும் முறை இருக்கிறது. அதற்குப் பிறகும் தலை நிற்கவில்லை, அல்லது உடல் மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துவிட்டது என்றால் கம்பியைப் பற்றிப் பேசலாம்.

அத்தைக்கு இப்போது பத்தாவது வாரம் வந்தால் கை தானாகத் தாடைக்குப் போகும். அதைப் பார்த்ததும் கோயம்புத்தூருக்கு போன் போட்டு ஊசிக்குத் தேதி வாங்கிவிடுவோம்.