பள்ளிக் குடிநீருக்கு எது சரி: ஆர்.ஓ.வா, அலுமினாவா, மழைநீர்த் தொட்டியா?

அன்புள்ள நன்கொடையாளர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம் வட்டத்தில் நாம் உதவிவரும் நடுநிலைப் பள்ளியின் குடிநீருக்கு எந்த ஏற்பாடு செய்வது என்று பேச, ஞாயிறன்று ஒன்பது பேர் கூடினோம். எல்லோருடைய சம்மதத்தோடும் பேச்சு முழுவதையும் ஒலிப்பதிவு செய்தோம். கூட்டத்தில் எடுத்த கைக்குறிப்பில் ஒரு முக்கியமான தொகை தவறாக இருந்ததால், பதிவை முழுதாகக் கேட்டபின் இதை எழுதுகிறேன்.

பள்ளி போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 2.8 மில்லிகிராம் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் விழும் காவிக்கறை பிறகு தேய்த்தாலும் போகாது. காய்ச்சினாலும் ஃப்ளோரைடு குறையாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி ஏறத்தான் செய்யும். அதனால் குடிக்கும் தண்ணீரோடு சத்துணவு சமைக்கும் தண்ணீரையும் கணக்கில் சேர்த்தோம். பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக 88 பேருக்கு, ஆளுக்கு இரண்டரை லிட்டர் வீதம், நாளுக்கு 220 லிட்டர் வேண்டும்.

ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-லேயே வந்துவிட்டதே என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். ஊருக்கு அது வருகிறது. ஆனால் காவிரித் தண்ணீர் ஏறாத நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றுகிறார்கள். ஒரே குழாயில் இரண்டு நாள் பிடித்துச் சோதித்தோம்: ஒரு நாள் 0.6, இன்னொரு நாள் 1.9. பள்ளிக்குத் தனி இணைப்பு கேட்டு ஊராட்சிக்கு மனு கொடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. அது கிடைக்கும்வரை என்ன செய்வது என்பதே கூட்டத்தின் கேள்வி.

முதலில் பேசப்பட்டது ஆர்.ஓ. இயந்திரத்தின் விலை 95,000 ரூபாய். சவ்வு நல்ல நிலையில் இருந்தால் ஃப்ளோரைடு 0.2-க்கு இறங்கிவிடும், இதில் யாருக்கும் சந்தேகமில்லை. சிக்கல் கழிவுநீரில் இருக்கிறது. 220 லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க, இந்த அளவு இயந்திரம் 330 லிட்டரை வெளியே தள்ளும். உள்ளே போன ஃப்ளோரைடு எங்கும் மறைந்துவிடுவதில்லை. அந்தக் கழிவில் சேர்ந்து லிட்டருக்கு 4.5 மில்லிகிராம் ஆகிவிடும். அதை போர்வெல் பக்கத்து உறிஞ்சுகுழியில் விட்டால் சுற்றி மறுபடி நம் தண்ணீருக்கே வரும். கோடையில் போர் இறங்கும் மாதங்களில் இந்த 550 லிட்டரை இறைப்பதே கடினம் என்று தலைமை ஆசிரியை சொன்னார்.

இன்னொரு ஆபத்து கண்ணில் படாதது. ஆர்.ஓ. தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், பொருத்துபவர் ஒரு சின்ன வால்வைத் திறந்து வடிகட்டாத போர் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவார். மூன்றில் ஒரு பங்கு கலந்தாலே ஃப்ளோரைடு மறுபடி 1-ஐத் தாண்டிவிடும். டி.டி.எஸ். மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. அது கரைந்த உப்புகளின் மொத்தத்தை மட்டும் மதிப்பிடும். அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆர்.ஓ. வைத்தாலும் ஃப்ளோரைடு கிட் தனியாக வாங்கியே ஆக வேண்டும்.

கைக்குறிப்பில் இருந்த தவறும் இங்கேதான். ஆர்.ஓ. பராமரிப்பு ஆண்டுக்கு 12,000 என்று எழுதியிருந்தோம். பதிவின் 52-வது நிமிடத்தைக் கேட்டால், அது முன்வடிகட்டிகளுக்கு மட்டும் சொன்ன தொகை. சவ்வு மாற்றும் செலவையும் சேர்த்துப் பரப்பினால் ஆண்டுக்கு 20,000.

அடுத்தது ஆக்டிவேட்டட் அலுமினா. வெள்ளை மணிகள் நிரப்பிய உருளை. மின்சாரமும் வேண்டாம், கழிவுநீரும் இல்லை. கிலோவுக்கு ஒன்றரை கிராம் ஃப்ளோரைடு பிடிக்கும் என்று வைத்தால் 25 கிலோ மணிகள் 77 பள்ளி நாட்களுக்குத் தாங்கும். நம் தண்ணீரில் காரத்தன்மை அதிகம் என்பதால் அதற்கும் முன்பே தீரக்கூடும். தீர்ந்த நாளில் நிறமோ ருசியோ மாறாது. மணிகளை மீட்க ஒரு சதவீதக் காஸ்டிக் சோடாவில் கழுவி, பிறகு நீர்த்த கந்தக அமிலம் விட வேண்டும். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இந்த வேலை வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னதால் அது அங்கேயே கைவிடப்பட்டது.

மூன்றாவது, மழைநீர்த் தொட்டி. பள்ளியின் கான்கிரீட் மொட்டைமாடி 120 சதுர மீட்டர். தர்மபுரி மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 81,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஆண்டுத் தேவை 48,000 சொச்சம்தான். எனவே தண்ணீர் போதுமா என்பதைவிட, மழையில்லாத மாதங்களுக்குச் சேமிக்க முடியுமா என்பதே கேள்வி. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் முடிய 85 பள்ளி நாட்கள் என்றால் 18,700 லிட்டர். ஆகவே 20,000 லிட்டர் ஃபெர்ரோசிமென்ட் தொட்டி. மதிப்பீடு 1,70,000 ரூபாய். பராமரிப்பு ஆண்டுக்கு 4,000.

தொட்டியைவிட அதற்கு முன்னால் வைக்கும் டிரம்மைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். மாடியில் விழும் முதல் ஒரு மில்லிமீட்டர் மழை, அதாவது 120 லிட்டர், தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துக்கொண்டு வரும். அது டிரம்மில் நிறைந்த பிறகே மீதி நீர் தொட்டிக்குப் போக வேண்டும். மழை விட்டதும் டிரம்மின் அடிக்குழாயைத் திறந்து காலி செய்யாவிட்டால், அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குள் போய்விடும். இந்தப் பொறுப்பை சத்துணவு அமைப்பாளர் ஏற்றிருக்கிறார். நிறைந்த தொட்டிக்கு 160 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். புதுத் தொட்டியில் முதலில் நிற்கும் நீரில் சிமென்டின் காரம் இறங்கும், அதை வெளியேற்றிவிட வேண்டும்.

பொருளாளர் கடைசிவரை ஆர்.ஓ. பக்கம்தான் நின்றார். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததுபோல் இன்னொரு ஆண்டு வந்தால் தொட்டி எதற்கு ஆகும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. கூட்டம் கண்ட பதில் இது: மூன்று குடம் மழைநீருக்கு ஒரு குடம் போர் தண்ணீர் கலந்தால் ஃப்ளோரைடு 0.7 ஆகும், எல்லைக்குள் இருக்கும். அப்படிச் செய்தால் முக்கால் தொட்டி நீரே ஏப்ரல்வரை வரும். அரைத் தொட்டிதான் நிறைந்தது என்றால் லாரித் தண்ணீர் வாங்குவதைத் தவிர வழியில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாண்டுச் செலவைப் பார்த்தால் ஆர்.ஓ. 1,95,000, தொட்டி 1,90,000, ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆர்.ஓ.வில் பாதிக்கு மேல் ஆண்டுதோறும் தேட வேண்டிய பணம். அது ஒரு வருடம் கிடைக்காவிட்டால் இயந்திரம் பூட்டிக் கிடக்கும். ஆறு பேர் தொட்டிக்கும் இரண்டு பேர் ஆர்.ஓ.வுக்கும் கை தூக்கினார்கள்; ஒருவர் யார் பக்கமும் சேரவில்லை.

இப்போது கையில் இருப்பது 2,10,000 ரூபாய். இதில் 40,000, "ஆர்.ஓ. இயந்திரத்துக்கு" என்று குறிப்பிட்டே நீங்கள் சிலர் அனுப்பியது. உங்கள் சம்மதம் இல்லாமல் அதைத் தொட்டிக்குச் செலவிட மாட்டோம். சம்மதமா, திருப்பி அனுப்பவா என்று மாத முடிவுக்குள் ஒரு வரி எழுதுங்கள். ஒலிப்பதிவைக் கேட்க விரும்புகிறவர்கள் சொன்னால் முழுவதையும் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
தன்னார்வலர், திட்டக் குழு