ஒரே தரகரா, நாலு தரகரா: ரீச்சருக்குச் சொன்ன கணக்கு

திருகோணமலை உவர்மலையில் வீடு விற்கப் பார்க்கிற ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், நான் நீட்டிய தரகு ஒப்பந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நாலு பேரிட்டச் சொன்னாத்தானே கெதியா விக்கும்? உமக்கு மட்டும் ஏன் எழுதித் தரவேணும்?"

நியாயமான கேள்வி. நான் தரகன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே மிச்சத்தை வாசியுங்கள்.

நாலு பேரிடம் வாயால் சொல்வதில் உங்களுக்கு ஒரு கட்டும் இல்லை. யார் ஆள் கொண்டுவருகிறாரோ அவருக்குக் கொமிஷன். தெருவோரக் காணி, உறுதி சுத்தம், அந்தப் பக்கத்து விலை எல்லோருக்கும் தெரியும், நீங்களும் ஊரிலேயே இருக்கிறீர்கள் என்றால் இதுவே போதும், எழுத வேண்டாம். ஆனால் வீடு என்றால் கதை வேறு. ஒரு விளம்பரத்தில் 1 கோடி 80 இலட்சம், இன்னொன்றில் அதே வீடு 1 கோடி 95. கொழும்பிலிருந்து பார்ப்பவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "ஏதோ பிரச்சினைக் காணி போல" என்று விலகிவிடுவார். நல்ல படம் எடுக்கவும் ஒரு தரகரும் காசு செலவழிக்க மாட்டார். செலவு இவருக்கு, கொமிஷன் யாருக்கோ என்பது அவருக்குத் தெரியும்.

ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுப்பதில் இரண்டு வகை உண்டு. தாளைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் வகையில் வேறு தரகர் கூடாது, ஆனால் நீங்களே ஆள் பிடித்து விற்றால் கொமிஷன் இல்லை. இரண்டாவதில் "உரிமையாளர் தாமே விற்றாலும்" என்றொரு சொற்றொடர் ஒளிந்திருக்கும். ரீச்சரின் வீட்டை 1 கோடி 80 இலட்சத்துக்குப் பக்கத்து வளவுக்காரரே வாங்குகிறார் என்று வையுங்கள். கொமிஷன் 3 வீதம். முதல் வகையில் ரீச்சர் தரவேண்டியது ஒன்றுமில்லை. இரண்டாவதில் 5 இலட்சத்து 40 ஆயிரம்.

தரகர் பக்கத்திலும் ஒரு ஞாயம் உண்டு: மதிலில் நான் போட்ட போர்டைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டாருக்கே ஆசை வந்திருக்கும். அதனால் நான் இடைவழி ஒன்றைச் சொல்வேன். கையெழுத்திடும்போதே, ஏற்கெனவே விலை கேட்டவர்களின் பெயர்களை எழுதித் தாருங்கள். அவர்கள் வாங்கினால் எனக்குக் கொமிஷன் வேண்டாம்.

காலத்துக்கு வருவோம். 3 மாதம் கேட்பேன், 6 மாதம் கேட்பவரிடம் காரணம் கேளுங்கள். எந்த 3 மாதம் என்பதும் பெரிய விஷயம். நவம்பரில் தொடங்கினால் பாதிக் காலம் மழையோடு போய்விடும். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஜூலை, ஆகஸ்டில் வந்து நேரில் பார்ப்பார்கள். அதற்கு முன்னமே வீடு வெளியில் தெரிந்திருக்க வேண்டும். "அறிவிக்காவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படும்" என்றிருந்தால் வெட்டிவிடுங்கள்.

இதில் பலரும் வழுக்கி விழுவது ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகுதான். 10ஆம் வாரத்தில் என்னோடு வந்து பார்த்தவர், 14ஆம் வாரத்தில் நேரே ரீச்சரிடம் வந்து வாங்குகிறார். காலம் முடிந்து 60 நாள் வரை அதற்கும் எனக்குக் கொமிஷன் உண்டு என்று வாசகம் ஒன்று இருக்கும். அது அநியாயமில்லை, ஆனால் காலம் முடிந்து 7 நாளுக்குள் நான் காட்டியவர்களின் பட்டியலைத் தந்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஆளுக்கு நான் உரிமை கோர முடியாது. நீங்கள் வேறு தரகருக்கு எழுதிக் கொடுத்தால் அந்த வாசகம் அன்றோடு செத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு கொமிஷன், 10 இலட்சத்து 80 ஆயிரம்.

கொமிஷன் எப்போது? முற்பணம் வாங்கிய அன்றே கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவரின் வங்கிக் கடன் பிசகினால் விற்பனையும் இல்லை, கொடுத்த காசும் திரும்பாது. நொத்தாரிசு முன் உறுதி கைமாறும் நாளில் கொடுங்கள். "உங்களுக்குக் கைக்கு 1 கோடி 70 தாறன், மேல வாறது எனக்கு" என்பவரிடம் போகவே வேண்டாம். உண்மை விலை உங்கள் காதுக்கு வராது. வாங்குபவரிடமும் நான் கொமிஷன் வாங்குவதானால், அதுவும் அதே தாளில் இருக்க வேண்டும்.

பதிலுக்கு என் பங்கு: படம், விளம்பரச் செலவு என்னுடையது, உறுதியையும் நில அளவைப் படத்தையும் முதல் வாரமே சரிபார்ப்பேன், வருகிற ஒவ்வொரு விலையையும், குறைந்ததாக இருந்தாலும், சொல்வேன், வாரம் ஒருமுறை யார் வந்தார், என்ன சொன்னார் என்று அனுப்புவேன். இரண்டு வாரம் என்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் நீங்கள் எழுத்தில் ஒரு வரி தாருங்கள், அதோடு ஒப்பந்தம் முடிந்தது.

"அப்ப வீட்டை உமக்கு எழுதித் தந்த மாதிரி ஆகாதோ?" என்றார் ரீச்சர். இல்லை. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனைக்கு நொத்தாரிசு உறுதி வேண்டும். இந்தத் தாள் ஆள் தேடும் உரிமை மட்டுமே. கையில் அட்டோர்னித் தத்துவமும் சேர்த்து நீட்டினால் எழும்பிப் போங்கள்.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டு வாசித்து, "தாமே விற்றாலும்" என்பதைப் பேனையால் வெட்டினார். பெயர்ப் பட்டியலில் பக்கத்து வளவுக்காரரையும் கனடாவிலிருக்கும் மருமகனையும் எழுதினார். பிறகு யோசித்து, மருமகனின் பெயரை அடித்துவிட்டார்.