இஸ்தான்புல் கார்டு மெஷின் முன்னால் "உதவி" செய்ய வருபவர்: கவனம்

இஸ்தான்புல்லில் மெட்ரோ, டிராம், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஒரே கார்டுதான்: இஸ்தான்புல்கார்ட். பணம் ஏற்ற நிலைய வாசல்களில் 'பிலெட்மாட்டிக்' மெஷின்கள் நிற்கின்றன. துருக்கி மொழியில் ஓடும் அந்தத் திரையை நீங்கள் பார்த்து விழிக்கும் அந்த அரை நிமிஷத்தில்தான், "ஹெல்ப், மை ஃபிரெண்ட்?" என்று ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். சுல்தானஹ்மெத் மாதிரி சுற்றுலாக்காரர்கள் குவியும் நிறுத்தங்களில் இது பழைய கதை. உண்மையிலேயே உதவும் உள்ளூர்க்காரர்கள் நிறைய உண்டு. ஆனால் அவர்கள் உங்கள் நோட்டைக் கையில் வாங்க மாட்டார்கள்.

ஏமாற்று எப்படி நடக்கிறது என்று ஒரு கணக்காகப் பார்ப்போம். உங்கள் கார்டில் 12 லிரா இருக்கிறது, கையில் ஒரு 200 லிரா நோட்டு. உதவ வந்தவர் உங்கள் கார்டை வாங்கி மெஷினில் வைப்பதுபோல் காட்டி, தன் கார்டை வைக்கிறார். நோட்டு உள்ளே போகிறது, மெஷின் சத்தம் போடுகிறது, திரையில் ஏதோ ஒரு தொகை தெரிகிறது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஓகே, ஓகே" என்று நகர்ந்துவிடுகிறார். 200 அவர் கார்டில். உங்களுடையதில் அதே 12. உள்ளே நுழையும் கேட்டில் Yetersiz bakiye (இருப்புப் போதாது) என்று வரும்போதுதான் விஷயம் புரியும். அதற்குள் ஆள் இருக்க மாட்டார்.

இன்னொரு வகை, தன்னிடமுள்ள பழைய கார்டையே "ஃபுல் கார்டு" என்று விற்பது. அதில் எவ்வளவு இருக்கிறது என்பது கார்டைப் பார்த்தால் தெரியாது; மெஷினில் வைத்தால்தான் தெரியும்.

தற்காப்புக்கு ஐந்தாறு சொற்கள் போதும். Bakiye என்றால் இருப்பு. Yükle அல்லது Dolum என்றால் பணம் ஏற்றுவது. Kart Al என்றால் புதுக் கார்டு வாங்குவது. கையில் கார்டு இருக்கும்போது இதைத் தொடாதீர்கள். Onayla சம்மதம், İptal ரத்து, Fiş ரசீது. திரையில் கொடிச் சின்னமோ English என்ற பொத்தானோ இருந்தால் முதலில் அதைத் தொடுங்கள்.

இனி வரிசை. கார்டை நீங்களே அதற்கான இடத்தில் வையுங்கள். Bakiye பக்கத்தில் வரும் எண்ணை மனத்தில் வையுங்கள், நம் கணக்கில் 12. பிறகு நோட்டை நீங்களே செருகுங்கள். முடிந்ததும் இருப்பு 212 ஆக வேண்டும். கார்டை எடுத்து ஒருமுறை திரும்ப வைத்துப் பாருங்கள், அதே 212 வந்தால்தான் காரியம் முடிந்தது.

இதில் இரண்டு இடங்களில் யாரும் ஏமாற்றாமலே பணம் சிக்கும். ஒன்று, Para üstü verilmez என்று எழுதியிருந்தால் மீதிச் சில்லறை தரமாட்டார்கள் என்று பொருள். 50 ஏற்ற நினைத்து 200 நோட்டைச் செருகினால் 200 முழுக்கக் கார்டுக்குப் போய்விடும். ஊர் திரும்பும் நாளில் இது வலிக்கும், ஆகவே கடைசி இரண்டு நாளில் சின்ன நோட்டுகளையே செருகுங்கள். இரண்டு, கார்டை அவசரப்பட்டு எடுப்பது. இருப்பைக் கார்டில் எழுதி முடிக்க மெஷினுக்குச் சில நொடி பிடிக்கும். நடுவில் எடுத்தால் நோட்டு உள்ளே, இருப்பு பழையபடி. வினைச்சொல்லின் முடிவில் -meyiniz, -mayınız என்று வந்தால் அது நம் '-ஆதீர்கள்' மாதிரி: செய்யாதீர்கள் என்கிறது. அப்படி முடியும் வரி திரையில் இருக்கும்வரை கார்டில் கை வைக்க வேண்டாம்.

உதவி செய்ய யாராவது வந்தால் கார்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு "ஹயர்" (இல்லை, வேண்டாம்) என்று சொல்லுங்கள். விடவில்லையென்றால் İptal தொட்டு, கார்டை எடுத்துக்கொண்டு கேட் அருகே நிற்கும் பாதுகாவலரிடம் போங்கள்.

மெட்ரோபஸ், மர்மராய் ரயில் இரண்டிலும் ஒரு விசேஷம். நுழையும்போதே முழுத் தூரத்துக்கான கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள். குறைந்த தூரம் போனவர், இறங்கிய நிலையத்தில் İade என்று எழுதிய சின்ன மெஷினில் கார்டைத் தொட்டால் மிச்சம் திரும்பும். தொடாமல் வெளியே வந்துவிட்டு, பணம் ஏற்றிய மெஷின் ஏமாற்றிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. இருப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் கடைசியாக எதில் ஏறினீர்கள் என்று முதலில் பாருங்கள். அதுவும் பொருந்தவில்லையென்றால், ரசீதோடு மாநகராட்சியின் 153 எண்ணுக்கு அழைக்கலாம்.